“பில்லெல்லாம் நீங்கள்தான்” என்று தரகர் சொன்னால்

கேள்வி: வெள்ளவத்தையில் இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறோம். ஒன்று தனிவீட்டின் கீழ்த்தளம். வீட்டுக்காரர் மேல்தளத்தில் இருக்கிறார், மின்மானி இரண்டு தளத்துக்கும் ஒன்றுதான். மற்றது தொடர்மாடி, மாதப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. இரண்டுக்கும் தரகர் ஒருவரே. “பில்லெல்லாம் நீங்கள்தான்” என்கிறார். கையெழுத்து வைக்கும் முன்னர் எதையெல்லாம் கேட்டுத் தெளிவாக்க வேண்டும்?

பதில்:

தரகர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் “எல்லாம்” என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் கணக்குப் போட முடியாது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில் ஒன்பது ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். அதற்கு முன்னர் உங்களைப் போலவே ஒரு கீழ்த்தளத்தில் வாடகைக்கும் இருந்தேன். ஆகவே மேசையின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். நான் சட்டத்தரணி அல்ல. சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களை உங்கள் நொத்தாரிசிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் பற்றிச் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம்.

முதலில் சந்தேகமில்லாத விஷயம். மின்சார சபைக்கும் நீர் வழங்கல் சபைக்கும் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வாடிக்கையாளர். கொழும்பில் வாடகை வீடுகளின் கணக்கு அநேகமாக வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கும். பணம் கட்டாவிட்டால் துண்டிக்கப்படுவது அந்த வீட்டின் இணைப்பு; உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது சபைக்கு முக்கியமில்லை. முன்பிருந்தவர் வைத்துவிட்டுப் போன நிலுவையும் அந்தக் கணக்கோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் யார் எவ்வளவு கொடுப்பது என்பது முழுக்க முழுக்க நீங்கள் இருவரும் செய்யும் ஒப்பந்தத்தின் விஷயம். ஒப்பந்தம் பேசாத இடத்தில் வழக்கம் பேசும். வழக்கம் எப்போதும் மேல்தளத்தில் இருப்பவருக்குச் சாதகமாகத்தான் பேசும்.

இனி அந்தக் கீழ்த்தளத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், அதுவும் யாரும் ஏமாற்றாமலே. வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். குறைவாகப் பாவித்தால் அலகு ஒன்று மலிவு. 60, 90, 120, 180 அலகுகளைத் தாண்டத் தாண்ட அடுத்துவரும் ஒவ்வோர் அலகும் விலை கூடும். அதோடு மாதாந்த நிலையான கட்டணமும் உயரும். இரண்டு குடும்பங்கள் ஒரே மானியில் இருந்தால், சபையின் கண்ணுக்கு நீங்கள் இரண்டு சிக்கனமான குடும்பங்கள் அல்ல. ஊதாரித்தனமான ஒரே குடும்பம்.

எண்களில் பார்த்தால் புரியும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். விலைகள் அதன் பின்னரும் மாறின. ஆகவே இன்றைய அட்டவணையை வைத்து நீங்கள் மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்குப் போடும் முறை ஒன்றுதான். அப்போது 60 அலகுக்கு மேல் பாவிப்பவருக்கு முதல் 60 அலகுகள் 15 ரூபா, அடுத்த 30 அலகுகள் 18 ரூபா, அதற்கடுத்த 30 அலகுகள் 30 ரூபா, 180 வரை 42 ரூபா, அதற்கு மேல் 65 ரூபா. நிலையான கட்டணம் 90 அலகு வரை 400, 120 வரை 1,000, 180 வரை 1,500, அதற்கு மேல் 2,000 ரூபா. வரியை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் மாதம் 85 அலகுகளும் மேல்தளம் 165 அலகுகளும் பாவிப்பதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தனி மானி இருந்தால் உங்கள் பட்டியல் 1,750 ரூபா. மேல்தளத்துக்குத் தனியாக 5,730 ரூபா. கூட்டினால் 7,480. ஒரே மானியில் 250 அலகுகளாக வரும்போது பட்டியல் 11,410 ரூபா. அதாவது ஒருவரும் ஒரு விளக்குக்கூட மேலதிகமாகப் போடாமல், மானி ஒன்றாக இருக்கும் ஒரே காரணத்தால் 3,930 ரூபா கூடுகிறது. யார் எவ்வளவு என்ற சண்டை உண்மையில் இந்த 3,930 ரூபாவைப் பற்றியதுதான். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால் ஒருவரையொருவர் “நீங்கள்தான் கூடப் பாவிக்கிறீர்கள்” என்று குறை சொல்வார்கள்.

இந்தப் பட்டியலை எப்படிப் பிரிப்பது? பாதிப்பாதி என்றால் உங்களுக்கு 5,705 ரூபா. “நாங்கள் முன்னர் 5,730தான் கட்டினோம், மிச்சம் உங்களுடையது” என்று வீட்டுக்கார அம்மா சொன்னால் 5,680. “அலகுக்கு 65 ரூபா தந்துவிடுங்கள், பட்டியலில் அப்படித்தானே போட்டிருக்கிறது” என்றால் 5,525. மூன்றும் வெவ்வேறு நியாயம் போலத் தோன்றும். மூன்றிலும் நீங்கள் தனி மானிக்குக் கொடுப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல் கொடுக்கிறீர்கள். மொத்தப் பட்டியலை மொத்த அலகுகளால் வகுத்து உங்கள் 85ஆல் பெருக்கினால் 3,879 ரூபா வரும். தனித்தனி மானி இருந்திருந்தால் வரக்கூடிய 1,750க்கும் 5,730க்கும் உள்ள விகிதத்தில் பிரித்தால் 2,669 ரூபாதான். என் மனத்துக்கு இந்தக் கடைசி முறையே மிக நியாயமானது. ஆனால் மாதாமாதம் அதைப் போட்டுக் காட்டி யாரையும் சம்மதிக்க வைக்க என்னால் முடிந்ததில்லை. ஆகவே சராசரி விலை முறையைக் கேளுங்கள். இரண்டு தரப்பும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் போடலாம்.

அதிலும் ஒரு குறை இருப்பதை மறைக்கவில்லை. ஆகஸ்டில் கனடாவிலிருந்து மேல்தளத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், குளிரூட்டி இரவெல்லாம் ஓடுகிறது, மேலே 100 அலகுகள் கூடுகின்றன என்று வையுங்கள். பட்டியல் 17,910 ஆகும். நீங்கள் அதே 85 அலகுகள் பாவித்திருந்தும் உங்கள் பங்கு 4,350 ஆகிவிடும். மேலே வந்த விருந்துக்கு நீங்கள் 471 ரூபா மொய் வைத்த மாதிரி. நீங்கள் குளிரூட்டி பூட்டினாலும் இதே கதை மறுபக்கமாக நடக்கும். வீட்டுக்காரர் தயங்குவதற்கு அதுவும் காரணம். ஆகவே இரு தரப்பும் குளிரூட்டி, தண்ணீர் சூடாக்கி போன்றவற்றை இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் 85 அலகை அளக்க ஓர் உப மானி வேண்டும். சாதாரண மின் வேலை செய்பவர் அரை நாளில் பூட்டிவிடுவார். செலவை வீட்டுக்காரர் ஏற்பதே முறை, ஏனெனில் நீங்கள் போன பின்னரும் அது அங்கேதான் இருக்கும். ஆனால் உப மானி அலகை மட்டுமே சொல்லும், விலையைச் சொல்லாது. “உப மானி இருக்கிறதுதானே” என்று நிம்மதியாகக் கையெழுத்து வைத்தவர்கள்தான் அலகுக்கு 65 ரூபா கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அலகுக்கு என்ன விலை, அது எப்படி வருகிறது என்பதை எழுத்தில் போட வேண்டும். சபையிடம் கீழ்த்தளத்துக்குத் தனி இணைப்பு எடுப்பதே நிரந்தரத் தீர்வு. அது வீட்டுக்காரர் விண்ணப்பிக்க வேண்டியது, காலமும் எடுக்கும். “எடுத்துத் தருவோம்” என்ற வாய்ச்சொல்லை நம்பி வாடகையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வீடு பார்க்கப் போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். கீழ்த்தளத்தின் பிரதான ஆளியை அணைத்துவிட்டு உப மானியைப் பாருங்கள். இலத்திரனியல் மானியில் சிறிய சிவப்பு விளக்கு மினுங்கும். பழைய மானியில் தட்டு சுழலும். எல்லாம் அணைந்திருக்கும்போதும் அது மினுங்கினால், உங்கள் மானியிலிருந்து வேறெதற்கோ மின்சாரம் போகிறது. என் அனுபவத்தில் அந்த “வேறெது” பெரும்பாலும் தண்ணீர் மோட்டார். நிலத்தொட்டியிலிருந்து கூரைத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எந்த ஆளியில் இருக்கிறது என்று கேளுங்கள். அரைக் குதிரைவலு மோட்டார் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடினாலே மாதம் ஏறக்குறைய 15 அலகுகள். வீதி வாசல் விளக்கும் படிக்கட்டு விளக்கும் அப்படியே. நான் இருந்த கீழ்த்தளத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் எடுத்தன. வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்கவில்லை, வயர் இழுத்தவர் அருகில் இருந்ததில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேசத் தேவையில்லை. நீர் வழங்கல் சபையின் பட்டியலும் படிப்படியாக ஏறுவதுதான். ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். கீழ்த்தள வீடுகளில் நீருக்கு உப மானி அரிது, ஆகவே தலைக்கணக்கில் பிரிப்பார்கள். மேலே நால்வர், கீழே மூவர் என்றால் ஏழில் மூன்று பங்கு. அது போதும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: தாங்கி நிரம்பிய பின்னர் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். முள் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு. கசிவினால் கூடும் தொகை வீட்டுக்காரருடையது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள், பிறகு பேசினால் “பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டிருப்பார்கள்” என்று கதை மாறும்.

தொடர்மாடியில் மின்சாரம் அநேகமாகச் சிக்கலற்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் சபையின் தனி மானி இருக்கும். சில கட்டடங்களில் மட்டும் மொத்தமாக வாங்கி உப மானி வைத்துக் கட்டட அலுவலகமே பட்டியல் தரும். எது என்று கேளுங்கள். தண்ணீர் பெரும்பாலும் கட்டடத்துக்கே ஒரு பெரிய மானியாக வந்து உள்ளே பிரியும். அது பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்குமா, தனிப் பட்டியலா என்று அலுவலகத்திலேயே கேட்பது நல்லது. மின்தடையின்போது ஓடும் மின்பிறப்பாக்கிக்கும் அப்படியே. சில இடங்களில் அது கட்டணத்துக்குள், சில இடங்களில் அலகுக்கு இவ்வளவு என்று தனியாக.

பராமரிப்புக் கட்டணத்தில்தான் தெளிவு வேண்டும். தொடர்மாடி வீடுகளின் உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் சொல்வதன்படி முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர்கள் வீட்டு உரிமையாளர்கள். கட்டணம் விதிக்கப்படுவதும் உரிமையாளர் மீதுதான். வாடகைக்கு இருப்பவர் உறுப்பினரும் அல்லர், கூட்டத்தில் வாக்கும் இல்லை. ஆகவே நீங்கள் அதைக் கட்டுவதாக ஒப்புக்கொண்டால், உரிமையாளரின் கடனை அவருக்காக நீங்கள் கட்டுகிறீர்கள். அப்படி ஒப்புக்கொள்வது தவறில்லை, கொழும்பில் அது சாதாரணம். ஆனால் எந்தப் பகுதியை என்று பிரித்துப் பாருங்கள். காவலாளி சம்பளம், மின்தூக்கியின் பராமரிப்பு, பொது விளக்குகள், குப்பை, துப்புரவு இவையெல்லாம் அங்கே வாழ்பவர் அனுபவிப்பவை, நீங்கள் கொடுக்கலாம். கட்டடத்துக்கு நிறம் பூசவும் பழைய மின்தூக்கியை மாற்றவும் சேர்க்கும் பணம், திடீரென்று விதிக்கும் விசேட அறவீடு இவையெல்லாம் சொத்தின் பெறுமதியைக் கூட்டுபவை, அவை உரிமையாளருடையவை. நான் பொருளாளராக இருந்தபோது வெளிச்சுவர் பூச்சுக்காக வீட்டுக்கு 85,000 ரூபா அறவிட்டோம். மூன்று உரிமையாளர்கள் அதை அப்படியே வாடகைக்கு இருந்தவர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் “பராமரிப்புக் கட்டணங்கள்” என்று பன்மையில் இருந்ததுதான் அவர்கள் காட்டிய காரணம்.

இன்னொன்று, சொல்வதற்கு எனக்கே கொஞ்சம் கூச்சமானது. எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம் வாடகையோடு பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்து வெளிநாட்டிலிருந்த உரிமையாளரின் வங்கிக் கணக்கில் மாதம் தவறாமல் போட்டுவந்தது. அவர் எங்களுக்கு எட்டு மாதங்கள் ஒரு சதமும் கட்டவில்லை. மாதம் 12,500 வீதம் ஒரு லட்சம் ரூபா. அந்தக் குடும்பம் வீடு மாறும் நாளன்று, நிலுவை தீரும்வரை சாமான்களை மின்தூக்கியில் இறக்க அனுமதியில்லை என்று குழு முடிவெடுத்தது. கடிதத்தில் கையெழுத்து என்னுடையது. எங்கள் உள்விதியில் அது இருந்தது. சட்டத்தில் அதற்கு இடமிருந்ததா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். உரிமையாளரிடம் அறவிட வேண்டியதை வாடகைக்கு இருந்தவரின் அலுமாரியைப் பிடித்துவைத்து அறவிட்டோம். லொறி வாசலில் நின்றது, அவர்கள் எங்கோ கடன் வாங்கிக் கட்டினார்கள்.

அதனால் சொல்கிறேன்: தொடர்மாடியை எடுப்பதானால் கையெழுத்துக்கு முன்னர் கட்டட அலுவலகத்தில் அந்த வீட்டுக்கு நிலுவை இல்லை என்ற கடிதம் ஒன்றை உரிமையாளரைக் கொண்டு வாங்குங்கள். கட்டணத்தை நீங்கள் ஏற்றால், அதை உரிமையாளரிடம் கொடுக்காமல் அலுவலகத்திலேயே நேரடியாகக் கட்டி வீட்டு இலக்கம் போட்ட பற்றுச்சீட்டை வாங்குங்கள். உரிமையாளர் தன் பங்கைக் கட்டாமல் உங்களுக்கு இடைஞ்சல் வந்தால், நீங்கள் கட்டிவிட்டு அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் வேண்டும். இடையில் கட்டணம் கூடினால் கூடிய பகுதி யாருடையது என்பதும் வேண்டும். மாநகர சபைக்குக் கட்டும் ஆதன வரி உரிமையாளருடையது என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

ஒப்பந்தம் பற்றி. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840இலிருந்து இருக்கும் சட்டம். இரண்டு பக்கத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைப்பது கொழும்பில் நிறைய நடக்கிறது. பிரச்சினை வராதவரை அது ஓடும். கட்டணப் பிரிப்பு பற்றி நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதை எல்லாம் நொத்தாரிசு எழுதும் ஆவணத்துக்குள் கொண்டுவாருங்கள். கீழ்த்தளத்துக்கு இப்படிக் கேட்கலாம்: “மின்சார சபையின் மாதப் பட்டியலின் மொத்தத் தொகையை அப்பட்டியலின் மொத்த அலகுகளால் வகுத்து, அதே நாளில் வாசிக்கப்பட்ட உப மானியின் அலகுகளால் பெருக்கி வரும் தொகையை வாடகைக்கு இருப்பவர் செலுத்துவார். முந்தைய நிலுவை, தாமதக் கட்டணம் என்பன இக்கணக்கில் சேரா. பட்டியலின் பிரதி ஒவ்வொரு மாதமும் தரப்படும்.” ஒப்பந்தம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் இந்த மூன்று வாக்கியங்களும் அதில் இருக்கின்றனவா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு வீடுகளையும் ஒப்பிடும்போது வாடகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். கீழ்த்தளத்துக்காரரிடம் கடந்த மூன்று மாத மின்பட்டியல்களைக் கேளுங்கள். மேல்தளத்தின் பாவனை மட்டுமே 180 அலகுகளைத் தொடுகிறது என்றால், நீங்கள் போடும் முதல் விளக்கே மேல்படி விலையில் எரியத் தொடங்கும். மேலே போட்ட கணக்கின்படி, சராசரி முறையில்கூடத் தனி மானிக்கு ஆகும் செலவைவிட மாதம் 2,129 ரூபா கூட. அதை அந்த வீட்டின் வாடகையில் கூட்டுங்கள். தொடர்மாடியின் வாடகையில் பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டுங்கள். பிறகு பேரம் பேசுங்கள். “இந்த இரண்டாயிரம் ஒற்றை மானியால் வருவது, வாடகையில் குறையுங்கள்” என்று பட்டியலோடு கேட்டால் தரகரும் சேர்ந்து கணக்குப் பார்ப்பார், பார்த்திருக்கிறேன்.

திறப்பு வாங்கும் நாளில் பிரதான மானி, உப மானி, நீர்மானி மூன்றையும் திகதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவையுங்கள். வெளியேறும் நாளிலும் அதையே செய்யுங்கள். கடைசிப் பட்டியல் நீங்கள் போன பின்னர்தான் வரும், அதைச் சாட்டி முற்பணம் முழுவதையும் மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆகவே இப்போதே எழுதிவிடுங்கள்: கடைசிப் பட்டியல்களுக்காக முந்தைய மூன்று மாதச் சராசரிக்குச் சமமான தொகையை மட்டும் வீட்டுக்காரர் நிறுத்திவைக்கலாம், மிச்ச முற்பணம் திறப்பைக் கொடுக்கும் அன்றே திரும்ப வேண்டும்.